மஞ்சள் எத்தனையாவது மட்டையில்? படத்தைப் பார்த்து தென்னையின் நலத்தையும் வயதையும் கணிக்கும் வழி

மஞ்சளடித்த தென்னையின் படத்தை அனுப்பி, இது என்ன நோய் என்று கேட்பவர்கள் நிறத்தைத்தான் காட்டுகிறார்கள். நான் முதலில் பார்ப்பது இடத்தை. மேலிருந்து எண்ணினால் எத்தனையாவது மட்டையில் மஞ்சள் தொடங்குகிறது? இது தெரிந்துவிட்டால் பாதிக் காரணங்களை அங்கேயே தள்ளிவிடலாம். நிறம், புள்ளி, காய்ச்சல் எல்லாம் அதற்கு அப்புறம்.

இதற்குக் காரணம் தென்னை வளரும் விதம். நன்றாக இருக்கும் நெட்டை மரம் வருடத்துக்கு 12 முதல் 14 மட்டை விடும், அதாவது மாதத்துக்கு ஒன்று. விரிந்த மட்டை இரண்டரை முதல் மூன்று வருடம் கொண்டையில் இருந்துவிட்டுத்தான் விழும். ஆகவே கொண்டையில் 30 முதல் 36 மட்டை இருக்க வேண்டும், நல்ல மரத்தில் 40 வரை போகும். முழுதாக விரிந்த இளைய மட்டையை 1 என்று வைத்துக்கொண்டால், 12-ஆவது மட்டை ஏறக்குறைய ஒரு வருடத்துக்கு முன் விரிந்தது, 24-ஆவது இரண்டு வருடத்துக்கு முன். மட்டையின் வரிசை எண்ணே அதன் மாதக் கணக்கு.

குலையும் இதே கணக்கில்தான் போகும். ஒவ்வொரு மட்டையின் கக்கத்திலும் ஒரு பாளை. புதிதாக வெடித்த பாளை 10-ஆவது மட்டை அளவில் இருக்கும். கைமுட்டி அளவு காய் 14-ஆவது மட்டையில். பாளை வெடித்து முற்ற 12 மாதம் ஆகும் என்பதால், பறிக்கப் பக்குவமான குலை 21, 22-ஆவது மட்டை வாக்கில் தொங்கும். படத்தில் மட்டைகளை ஒவ்வொன்றாக எண்ண முடியாதபோது இந்த மூன்று குலைகளைப் பிடித்துக்கொண்டால் வரிசை எண் ஓரளவுக்குச் சரியாக வந்துவிடும்.

இனி சொல்வதெல்லாம் நெட்டை மரத்துக்கு. குட்டை ரகத்துக்கு வேறு கணக்கு, தேவையான இடத்தில் சொல்கிறேன். மட்டை என்றால் முழு மட்டை, ஓலை என்றால் அதில் இருபுறமும் இருக்கும், ஈர்க்கு ஓடும் தனித்தனி ஓலை.

படம் சரியில்லை என்றால் கணிப்பும் சரியில்லை

கீழே நின்று வானத்தைப் பார்த்து எடுக்கும் படத்தில் கொண்டை கருநிழலாகிவிடும். சூரியன் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். போன் திரையில் ஓலையின் மேல் தொட்டு, வெளிச்சத்தைக் கூட்டி எடுங்கள், வானம் வெளுத்துப் போனாலும் பரவாயில்லை. மாலை வெயிலில் எடுக்கவே வேண்டாம், பச்சை ஓலையும் மஞ்சளாகத்தான் விழும். காலை எட்டரை, ஒன்பது மணி நல்ல நேரம். பக்கத்தில் எடுக்கும் ஓலைப் படங்களில் ஒரு வெள்ளைத் தாளை ஓரமாக வைத்துவிடுங்கள். தாள் மஞ்சளாகத் தெரிந்தால் ஓலையின் மஞ்சளையும் நம்பக் கூடாது.

எனக்கு வேண்டியவை இவை. முழு மரமும் தெரிய ஒரு படம், தூரில் ஓர் ஆள் நிற்க வேண்டும், அவர் உயரமும் தெரிய வேண்டும். கொண்டை மட்டும் இரண்டு படம், ஒன்று எடுத்த இடத்திலிருந்து கால் வட்டம் நடந்து போய் மற்றொன்று. தூரடியிலிருந்து செங்குத்தாக மேலே பார்த்து ஒன்று. தூரின் நாலு பக்கமும். அப்புறம் கீழ் மட்டை ஒன்று, நடு மட்டை ஒன்று, இரண்டிலும் ஓலையின் மேல்பக்கமும் அடிப்பக்கமும். பறிப்புக்கு ஏறும் நாளில் எடுத்தால் இந்த ஓலைகள் சுலபமாகக் கிடைக்கும். ஓலையைப் பிய்த்த மட்டை எது என்று ஏறியவரிடம் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள், இறங்கி வந்த பிறகு யாருக்கும் நினைவிருக்காது.

மட்டையை எண்ணுவதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. தென்னையில் 1, 6, 11, 16, 21 என்று ஐந்து ஐந்தாகப் போகும் மட்டைகள் ஏறக்குறைய ஒன்றின் கீழ் ஒன்றாக, சற்றே சாய்ந்த வரிசையில் அமையும். சில மரத்தில் சாய்வு இடப்பக்கம், சில மரத்தில் வலப்பக்கம். செங்குத்துப் படத்தில் அப்படி ஒரு வரிசையைப் பிடித்து எண்ணி ஐந்தால் பெருக்குங்கள். ஒரு வரிசையில் ஏழு மட்டை என்றால் கொண்டையில் சுமார் 35.

கீழ் மட்டைகள் மஞ்சள், மேலே பச்சை

கேட்டு வருவதில் பெரும்பாலானவை இதுதான். குழப்பமும் இங்கேதான் அதிகம், ஏனென்றால் ஒன்றுமில்லாத மரத்திலும் கடைசி மட்டை மஞ்சளாகித்தான் விழும். கடைசி ஒன்றிரண்டு மட்டை மட்டும் பழுத்திருக்கிறது, மொத்த எண்ணிக்கை 30-க்கு மேல் இருக்கிறது என்றால் அது முதிர்ச்சி. விட்டுவிடலாம். கோடையில் அது மூன்று நான்கு மட்டையாகக்கூடும், மழைக்குப் பிறகு நின்றுவிட்டால் கவலையில்லை.

மஞ்சள் 20-ஆவது மட்டைக்கு மேலே ஏறிவிட்டது என்றால் சத்துக் குறைவா, பூச்சியா, வேரில் கோளாறா என்று பிரிக்க வேண்டும். இதற்கு ஓலைப் படம் இல்லாமல் முடியாது.

ஓலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஆரஞ்சு கலந்த மஞ்சள் புள்ளிகள், வெளிச்சம் ஊடுருவித் தெரிகிற மாதிரி, ஈர்க்கின் இருபுறமும் சிதறியிருந்தால் பொட்டாஷ் எனப்படும் சாம்பல் சத்துக் குறைவு. ஓலையின் நுனி காய்ந்து, காய்ச்சல் ஓரத்தோடு உள்நோக்கி வரும். மட்டை முழுவதையும் பார்த்தால் நுனிப்பகுதி மோசமாகவும் அடிப்பகுதி பச்சையாகவும் இருக்கும். மக்னீசியக் குறைவில் இந்தப் புள்ளியும் நுனிக் காய்ச்சலும் ஆரம்பத்தில் இராது. ஓலையின் வெளி ஓரம் அகலமாக எலுமிச்சை மஞ்சளாகி, ஈர்க்கையும் மட்டை நடுத்தண்டையும் ஒட்டிய பகுதி பச்சையாகவே நிற்கும், வெயில் படும் பக்கம் கூடுதலாக வெளுக்கும். தூரத்திலிருந்து எடுத்த கொண்டைப் படத்தில் இரண்டும் ஒரே மஞ்சள்தான், ஓலை கைக்கு வந்தால்தான் பிரியும். புள்ளியும் இல்லை, கோடும் இல்லை, மட்டை முழுதும் ஒரே சீராக வெளிறி, மேல் மட்டைகளும் கொஞ்சம் மங்கலாக இருந்தால் தழைச்சத்தைச் சந்தேகிக்கலாம்.

இந்த மூன்றும் கீழ் மட்டையில் தொடங்குவதற்கு ஒரே காரணம், மரம் பழைய மட்டையிலிருந்து சத்தை உறிஞ்சிப் புது மட்டைக்கு அனுப்புகிறது. அதனால்தான் சாம்பல் சத்துக் குறைவில் மஞ்சளான மட்டையை அழகுக்காக வெட்டக் கூடாது என்கிறேன். வெட்டினால் மரம் அடுத்த மட்டையிலிருந்து எடுக்கத் தொடங்கும், மஞ்சள் ஒரு படி மேலே ஏறும்.

கீழ் மட்டைகள் நெருப்புப் பட்டது போலக் காய்ந்து சாம்பல் நிறமாக, மேலே மட்டும் பச்சையாக இருந்தால் சத்தை மறந்துவிட்டு ஓலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். கழிவும் நூலும் சேர்த்துப் பின்னிய பாதை ஓடினால் கருந்தலைப்புழு. ஓலையின் மேல்பக்கம் கரி பூசியது போல இருந்து, அடிப்பக்கத்தில் வெள்ளைச் சுருள் சுருளாக மெழுகு தெரிந்தால் சுருள் வெள்ளை ஈ. பொள்ளாச்சிப் பக்கம் 2016-இல் முதலில் தென்பட்டு, இப்போது தமிழ்நாட்டுத் தோப்புகள் பலவற்றில் இருப்பது. கரி பிடித்த மரத்தில் உண்மையான ஓலை நிறம் எதுவும் தெரியாது. ஈரத்துணியால் ஓரிடம் துடைத்துவிட்டுப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

இனி டெல்டாக்காரர்கள் உடனே நினைக்கும் தஞ்சாவூர் வாடல். 1952 புயலுக்குப் பிறகு தஞ்சாவூர் பகுதியில் கடுமையாகப் பரவியதால் வந்த பெயர். கானோடெர்மா என்ற பூஞ்சாணம் வேரையும் தூரையும் அழுக வைக்கும். கொண்டைப் படத்தில் இதன் அடையாளம் நிறத்தைவிடத் தொங்கலில்தான் இருக்கிறது. வெளிச்சுற்று மட்டைகள் விழாமல், அடியில் மடங்கி, தண்டை ஒட்டிப் பாவாடை போலத் தொங்கும். சத்துக் குறைவில் மட்டை மஞ்சளானாலும் தன் கோணத்தில் நிற்கும். ஆனாலும் கொண்டையை மட்டும் வைத்து இந்த நோயைச் சொல்லக் கூடாது. தூரிலிருந்து மேல்நோக்கிப் பட்டையில் செம்பழுப்புச் சாறு கசிந்த கறை இருக்கிறதா என்று தூர்ப் படங்களில் தேட வேண்டும். முற்றிய நிலையில் தூரில் தட்டுத் தட்டாகக் காளான் வரும். கறை தூரில் இல்லாமல் தண்டின் நடுவில் அங்கங்கே திட்டாக இருந்து, கொண்டை இன்னும் நன்றாக இருந்தால் சாறு வடிதல் நோயாக இருக்கலாம். தண்டில் துளையும் அதில் பழுப்புக் குழம்பும் சக்கையும் இருந்தால் சிவப்புக் கூன்வண்டு.

ஒன்று விட்டுப்போகக் கூடாது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் கீற்று முடைவதற்குப் பச்சை மட்டையை வெட்டுவது வழக்கம். வெட்டிய மரத்தின் கொண்டை படத்தில் நோயாளி மாதிரித்தான் தெரியும். கொண்டையின் அடியை உருப்பெருக்கிப் பாருங்கள், தானாக விழுந்த மட்டை தழும்பை மட்டும் விட்டுப்போகும், வெட்டிய மட்டை அடிக்கட்டையை விட்டுப்போகும். கட்டைகளை எண்ணி மொத்தத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குருத்தும் உள் மட்டைகளும் மஞ்சள், கீழே பச்சை

இது அவசரம். கீழ் மட்டை மஞ்சளுக்கு மாதக்கணக்கில் யோசிக்கலாம், இதற்கு நாள்கணக்குத்தான். தென்னைக்கு வளரும் நுனி ஒன்றே ஒன்று, அது போனால் மரம் போயிற்று.

மழைக்காலத்தில் நடுக்குருத்து வெளிறி, பழுப்பாகி, இழுத்தால் கையோடு வந்து நாற்றமடித்தால் குருத்தழுகல். வெளி மட்டைகள் இதற்குப் பிறகும் பல மாதம் பச்சையாகவே இருக்கும் என்பதுதான் படத்தில் ஏமாற்றுகிற இடம். கொண்டை செழிப்பாகத் தெரிகிறது என்று விட்டுவிடுவார்கள். பக்கவாட்டுப் படத்தில் கொண்டையின் நடுவில் மேல்நோக்கி நிற்க வேண்டிய குருத்து இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இல்லை, அல்லது சாய்ந்திருக்கிறது என்றால் அன்றே ஆள் ஏற வேண்டும்.

கூன்வண்டு உள்ளே தின்றாலும் உள் மட்டைகள்தான் முதலில் மஞ்சளாகும், கொண்டை ஒரு பக்கமாகச் சாயும். 5 முதல் 20 வயது மரங்களில் இது அதிகம். தண்டில் காதை வைத்தால் கரகரவென்ற சத்தம் கேட்கும், அது எந்தப் படத்திலும் வராது.

எல்லா மட்டையும் ஒரே நேரத்தில், பச்சையும் மஞ்சளுமாகத் தொங்கிவிட்டது, பக்கத்து மரங்கள் சிலவும் அப்படியே என்றால் இடி விழுந்ததா என்று கேளுங்கள். நோய் ஒரே வாரத்தில் ஒரு வட்டத்தை அப்படி அடிக்காது.

இளமட்டையின் ஓலைகள் பிரியாமல் ஒட்டிக்கொண்டு, நுனி கொக்கி போல் வளைந்து, மட்டையே குட்டையாக வந்தால் போரான் குறைவு. கீழ் மட்டைகள் அதே மரத்தில் நீளமாகவும் சரியாகவும் இருக்கும். எத்தனையாவது மட்டையிலிருந்து குட்டையாகிறது என்று எண்ணினால் குறைபாடு தொடங்கிய காலமும் தோராயமாகக் கிடைக்கும்.

ஓலையில் கத்தரித்தது போல வெட்டு

காண்டாமிருக வண்டின் வேலை. இதில் படம் நேரில் பார்ப்பதற்குச் சமமான தகவலைத் தரும். வண்டு விரியாத குருத்தைத் துளைத்துப் போகிறது. மடிந்திருந்த ஓலைகள் விரியும்போது இருபக்கமும் ஒரே மாதிரி முக்கோண வெட்டாக, விசிறியைக் கத்தரித்தது போலத் தெரியும். ஆகவே வெட்டு விழுந்த நாள் வேறு, அது கண்ணுக்குத் தெரிந்த நாள் வேறு. வெட்டுப்பட்ட மட்டை 9-ஆவது என்றால் வண்டு வந்தது குறைந்தது ஒன்பது மாதத்துக்கு முன். ஒரு துளை உள்ளே அடுத்தடுத்து மடிந்திருக்கும் இரண்டு மூன்று மட்டைகளைச் சேர்த்துக் கிழிக்கும் என்பதால், 8, 9, 10 மூன்றிலும் வெட்டு இருந்தால் அது மூன்று தாக்குதல் என்று எண்ண வேண்டாம்.

1 முதல் 7 வரை சுத்தமாக இருந்து, குருத்தடியில் புதுத் துளையும் இல்லை என்றால் வண்டு இப்போது இந்த மரத்தில் இல்லை. மருந்துக்குச் செலவு வேண்டாம். 1, 2-இல் புதிய வெட்டு இருந்தால் உள்ளேயே இருக்கலாம், குருத்தடியில் மென்று துப்பிய நாரைத் தேட வேண்டும். 25 வரைக்கும் அங்கங்கே வெட்டு பரவியிருந்தால் இரண்டு வருடமாகப் பக்கத்திலேயே வண்டு பெருகும் குப்பைக்குழியோ மட்கிய தென்னந்தண்டோ இருக்கிறது. 2018 கஜா புயலில் விழுந்த மரங்களை அப்புறப்படுத்தாமல் விட்ட தோப்புகளில் நடந்தது அதுதான்.

ஓலைகள் தொய்ந்து உள்நோக்கி வளைதல்

மட்டையில் ஓலைகள் விறைப்பில்லாமல், விலா எலும்புக்கூடு மாதிரி உள்பக்கம் வளைந்திருந்தால் கேரள வேர் வாடல் நோயைச் சந்தேகிக்க வேண்டும். கேரளத்தில் 1882-இல் ஈராற்றுப்பேட்டையில் பதிவானது, பைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரியால் வருவது. எல்லையை ஒட்டிய கன்னியாகுமரி, தென்காசி, தேனி, பொள்ளாச்சி வட்டாரங்களில் இருக்கிறது. கடும் வறட்சியிலும் ஓலை தொய்யும் என்பதால் கோடையில் எடுத்த படத்தை வைத்து நான் இதைச் சொல்வதில்லை. தண்ணீர் பாய்ந்து ஒரு மாதம் கழித்து எடுத்த படத்திலும் வளைவு இருந்தால் மரத்தை வேளாண் துறையினரிடம் காட்டச் சொல்வேன்.

கொண்டை சிறியது: வயதா, பட்டினியா?

வயதைக் கேட்பவர்கள் கொண்டைப் படத்தை மட்டும் அனுப்புகிறார்கள். கொண்டை மரத்தின் பருவத்தைச் சொல்லும், வருடத்தைச் சொல்லாது. பத்து வயதுக்குள் மட்டைகள் மேல்நோக்கி விறைத்து, கீழ் மட்டைகூடச் சரியாகத் தொங்காமல் இருக்கும். நடுவயதில் மேலும் கீழும் பரந்து உருண்டையாக நிற்கும். முதுமையில் எண்ணிக்கை குறைந்து, மட்டை குட்டையாகி, கொண்டை சிறுத்துவிடும். சரி, சிறுத்த கொண்டை எல்லாம் முதுமையா என்றால் இல்லை. வருடக்கணக்கில் சாம்பல் சத்து இல்லாமல் கிடந்த 25 வயது மரமும் அப்படித்தான் இருக்கும்.

இரண்டையும் பிரிப்பது கொண்டைக்குச் சற்றுக் கீழே உள்ள தண்டு. பட்டினி கிடக்கும் மரத்தில் தண்டு கொண்டையை நெருங்க நெருங்கப் பென்சில் முனை போலக் கூராகும். தென்னைத் தண்டு ஒரு தடவை உருவானதோடு சரி, பின்னால் பருக்காது. மெலிந்த இடம் மெலிந்தே நிற்கும், மேலே மறுபடி பருத்தால் மரம் தேறியது என்று பொருள். முதுமையிலும் கொஞ்சம் மெலியும், ஆனால் மெதுவாக, நீண்ட தூரத்தில்.

வருடக் கணக்குக்குத் தண்டின் தழும்புகள்தான் வழி. விழுந்த ஒவ்வொரு மட்டையும் ஒரு வளையத்தை விட்டுப்போகிறது. நெட்டை மரம் தண்டு காட்ட 4 முதல் 5 வருடம் எடுக்கும். அப்புறம் மாதத்துக்கு ஒரு தழும்பு. தழும்பை எண்ணி 12-ஆல் வகுத்து நாலரையைக் கூட்டுங்கள். கொண்டையில் இப்போது இருக்கும் மட்டையைச் சேர்க்கக் கூடாது. முதல் தழும்பை விட்ட மட்டையும் விழும் முன் இரண்டரை வருடம் மரத்தில் இருந்தது, அந்தக் காலம் நாலரைக்குள் ஏற்கெனவே அடங்கிவிட்டது. மறுபடி கூட்டினால் வயது இரண்டு மூன்று வருடம் ஏறிப்போகும்.

தழும்புகளுக்கு இடையிலான தூரத்தை மட்டும் வைத்து உயரத்திலிருந்து வயதைச் சொல்வது தவறாகப் போகும். இளமையில் இடைவெளி அகலம், வயதாக ஆகக் குறுகும். அடியில் ஒரு முழத்தில் எண்ணியதை உச்சி வரை பெருக்கினால் வயது குறைவாக வரும். தண்டைக் கீழ், நடு, மேல் என்று மூன்று துண்டாகப் படமெடுத்து ஒவ்வொன்றிலும் தனியாக எண்ண வேண்டும். ஏறுவதற்குப் படி வெட்டிய மரத்தில் வெட்டுப் பள்ளத்தைத் தழும்பு என்று எண்ணிவிடாதீர்கள். நாற்பது வயதுக்கு மேல் அடித்தழும்புகள் தேய்ந்துவிடும், அங்கே ஐந்து வருடம் முன்பின் ஆகும். குட்டை ரகத்தில் தூர் பருப்பதில்லை, தழும்புகள் நெருக்கம், மூன்று நான்கு வயதிலேயே பாளை விடும், ஆகவே நெட்டைக்கான நாலரையை அங்கே கூட்டக் கூடாது.

பேராவூரணி மரம் ஒன்று

2025 மே மாதம் பேராவூரணிப் பக்கத்திலிருந்து ஒரு மரத்தின் படங்கள் வந்தன. பக்கத்துத் தோப்பில் தஞ்சாவூர் வாடலில் இரண்டு மரம் பட்டுப்போயிருந்தது. "அண்ணே, இதுக்கும் அதேதானே? வெட்டிடலாமா?" என்று கேட்டார் தோப்புக்காரர்.

செங்குத்துப் படத்தில் ஒரு வரிசைக்கு ஐந்து, ஒரு வரிசையில் மட்டும் ஆறு. மொத்தம் 26 மட்டை. வெட்டிய கட்டை எதுவும் இல்லை, ஆகவே மட்டைகள் தாமாகவே சீக்கிரம் விழுகின்றன, மூன்று வருடம் இருக்க வேண்டியது இரண்டு வருடத்தில். முற்றிய குலைக்குக் கீழே நான்கு மட்டைதான் மிச்சம். நல்ல மரத்தில் பத்து மட்டையாவது இருக்கும். தாங்க மட்டையில்லாத குலை காம்பு மடங்கித் தொங்கியது. மஞ்சள் தொடங்கும் இடம் கைமுட்டிக் காய்க் குலைக்கு ஒரு மட்டை மேலே, அதாவது 13-ஆவது.

ஆனால் எந்த மட்டையும் தண்டோடு ஒட்டித் தொங்கவில்லை. தூரின் நாலு பக்கப் படத்திலும் கறை இல்லை. குருத்து நேராக நின்றது. இதோடு வாடல் பயம் பெருமளவு குறைந்தது. 18-ஆவது மட்டை ஓலையை வெயிலுக்கு எதிரே பிடித்து எடுத்து அனுப்பச் சொன்னேன், ஆரஞ்சுப் புள்ளிகள் தெளிவாக வந்தன, நுனி நாலு விரல்கடை காய்ந்திருந்தது, ஈர்க்கை ஒட்டித் தனிப் பச்சைப் பட்டை எதுவும் இல்லை. மணல் பாங்கான நிலம், மூன்று வருடமாக யூரியா மட்டும் வைத்திருக்கிறார். சாம்பல் சத்துக் குறைவு என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. 9, 10-ஆவது மட்டைகளில் வண்டு வெட்டு இருந்தது, அதற்கு மேலே சுத்தம். போன ஆடி வாக்கில் வந்து போன வண்டு, இப்போதைய மஞ்சளுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

வயது: தூரில் நின்றவர் ஐந்தரை அடி, கொண்டை அடி வரை அவரைப் போல ஏழு மடங்கு, சுமார் 38 அடி. மூன்று துண்டுப் படங்களில் தழும்பு 240 வந்தது. 240-ஐ 12-ஆல் வகுத்தால் 20, நாலரையைக் கூட்டினால் இருபத்து நாலரை. அடியில் கொஞ்சம் தேய்மானம் இருந்ததால் 23 முதல் 28 என்று சொன்னேன். தான் ஆறாவது படிக்கையில் அப்பா வைத்தது என்றார், அந்தக் கணக்கில் 25.

மாதம் ஒரு மட்டை என்ற கணக்கு இந்த மரத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கவும் ஒரு வழி தண்டிலேயே இருந்தது. 2018 நவம்பர் 16-இல் கஜா அடித்தபோது கொண்டை மட்டைகளை இழந்து, வளரும் நுனி மட்டும் தப்பிப் பிழைத்த மரம் இது. அப்படிப்பட்ட மரங்களில் பெரும்பாலும் தண்டில் ஓரிடம் இடுப்பு போல ஒடுங்கி, தழும்புகள் நெருங்கியிருக்கும். அந்த ஒடுக்கத்திலிருந்து கொண்டை அடி வரை 48 தழும்பு, கொண்டையில் 26, மொத்தம் 74 மட்டை. புயலிலிருந்து படம் எடுத்த நாள் வரை ஆறரை வருடம். வருடத்துக்கு 11-க்குச் சற்று மேல் வருகிறது. ஒடுங்கிய இடம் புயலின்போது குருத்துக்குள்ளேயே இருந்த மட்டைகளுக்கு உரியது என்பதால் சில மட்டை முன்பின் ஆகும். அதைக் கழித்தாலும், பட்டினி மரம் கொஞ்சம் மெதுவாகத்தான் மட்டை விடுகிறது என்று சொல்ல இது போதும்.

மரத்தை வெட்ட வேண்டாம் என்று சொன்னேன். வளர்ந்த நெட்டை மரத்துக்குத் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் அளவு வருடத்துக்கு யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ, தொழு உரம் 50 கிலோ. இதில் உரங்களை இரண்டாகப் பிரித்து ஆனி-ஆடியில் பாதி, மார்கழி-தையில் பாதி, தூரிலிருந்து ஆறடி வட்டத்தில், மண்ணில் ஈரம் இருக்கும்போது வைக்க வேண்டும். மணல் நிலத்தில் பொட்டாஷ் தண்ணீரோடு இறங்கிவிடும் என்பதால் அதை மூன்று நான்கு தவணையாகவும் கொடுக்கலாம் என்றேன்.

உரம் வைத்து மூன்று மாதத்தில் மஞ்சள் போகவில்லை என்று போன் வரும் என்பது தெரியும், அதனால் அப்போதே சொல்லிவைத்தேன். மஞ்சளான மட்டை திரும்பப் பச்சையாகாது, அது விழுந்துதான் போகும். பார்க்க வேண்டியது எல்லைக்கோட்டை. இப்போது மஞ்சள் 13-இல் தொடங்குகிறது. அடுத்த மே மாதம் அதே இடத்தில் நின்று, அதே காலை நேரத்தில் எடுத்த படத்தில் அது 17, 18-க்கு இறங்கியிருக்க வேண்டும், மொத்த மட்டை 28-ஐத் தாண்டியிருக்க வேண்டும், முற்றிய குலைக்குக் கீழே ஆறு ஏழு மட்டையாவது நிற்க வேண்டும். கொண்டை முழுவதும் மாற இரண்டு வருடத்துக்கு மேல் ஆகும். எல்லை இறங்காமல் 13-லேயே நின்றால் மண்ணையும், 14-ஆவது மட்டையின் ஓலையையும் ஆய்வுக்கு அனுப்ப வேண்டும், சத்துப் பரிசோதனைக்கு எடுக்கும் மட்டை அதுதான். எல்லை மேலே ஏறி, கீழ் மட்டைகள் தண்டோடு மடங்கத் தொடங்கினால் கொண்டையைப் படமெடுப்பதை நிறுத்திவிட்டுத் தூரைத் தோண்டி வேரைப் பார்க்க வேண்டும்.